நாயின் வாய்ப் படத்தைப் பார்த்து எழுதும்போது: காரை, ஈறு நிறம், தேய்மானக் குழப்பங்களும் தீர்வும்

வளர்ந்த நாய் ஒன்றின் வாய்ப் படங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். முதல் படம் பக்கவாட்டில் எடுத்தது. நாயின் மூக்கு படத்தின் இடப்பக்கம் பார்க்கிறது, ஒரு கட்டைவிரல் மேலுதட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, அறையில் மஞ்சள் பல்பு எரிகிறது. இரண்டாவது படம் நாய் வாயைத் திறந்து மூச்சுவாங்கும்போது மேலிருந்து எடுத்தது. அதில் கீழ்த்தாடையின் முன்பற்களும் கோரைப்பற்களும் தெரிகின்றன. படங்களோடு வந்த குறிப்பு இது: “பல்லெல்லாம் அழுகிவிட்டது. ஈறு மஞ்சளாக இருக்கிறது, காமாலை போல. கீழ்ப்பல்லில் ஓட்டை. வயது பத்துக்கு மேல் இருக்கும்.”

எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் இதைப் படிக்கும் கால்நடை மருத்துவருக்குப் பயன்படும் சொல் இதில் மிகக் குறைவு. அழுகல், காமாலை, ஓட்டை, வயது எல்லாமே முடிவுகள். எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பது எங்கும் இல்லை. எந்தப் பல், அதில் எந்தப் பக்கம், என்ன நிறம், எவ்வளவு பரப்பு என்று எழுதியிருந்தால் போதும். அப்படி எழுதும்போது வழக்கமாகச் சிக்கும் இடங்களை இந்த இரண்டு படங்களை வைத்தே பார்க்கலாம்.

“எந்தப் பல் என்று சொல்லத் தெரியவில்லை”

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மேலே 20, கீழே 22. எல்லாவற்றின் பெயரும் தேவையில்லை. கோரைப்பல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணலாம். மேல்தாடையில் கோரைக்குப் பின்னால் சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகிக்கொண்டே போகும் நான்கு முன்கடைவாய்ப்பற்கள் உண்டு. நான்காவதுதான் மேல்வரிசையிலேயே பெரியது, கூரிய முனை உள்ளது. மருத்துவர்கள் பயன்படுத்தும் எண் முறையில் நாயின் வலப்பக்கத்தில் இது 108, இடப்பக்கத்தில் 208. மேல் கோரைகள் 104, 204. கீழ்க் கோரைகள் இடப்பக்கம் 304, வலப்பக்கம் 404. எண் நினைவில் இல்லையென்றால் “மேல் இடது, கோரைக்குப் பின் நான்காவது, பெரிய பல்” என்று எழுதினாலும் அதே வேலை நடக்கும்.

இடது வலது என்பது நாயின் இடது வலதுதான், பார்ப்பவருடையது அல்ல. பக்கவாட்டுப் படத்தில் மூக்கு இடப்பக்கம் பார்த்தால் நாம் பார்ப்பது நாயின் இடப்பக்கத்தை. ஒரே ஒரு இடத்தில் இந்தக் கணக்கு கவிழும்: செல்ஃபி கேமராவில் எடுத்த படம் சில போன்களில் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கப்படும். அதனால் பின்பக்கக் கேமராவில் எடுத்தால் நல்லது. ஏற்கெனவே எடுத்துவிட்ட படத்தில் சந்தேகம் இருந்தால், கழுத்துப்பட்டை எழுத்தோ சுவர்க் காலண்டரோ படத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து தலைகீழாக இல்லாமல் பக்கம் மட்டும் மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

“பல்லின் மேல் பழுப்பாக ஏதோ படிந்திருக்கிறது”

நம் முதல் படத்தில் 208-இன் வெளிப்பக்கத்தில் பழுப்பும் மஞ்சளுமாகச் சொரசொரப்பான ஓடு ஒன்று ஈறோரத்திலிருந்து கீழிறங்கி, பல்லின் மூன்றில் இரண்டு பங்கை மூடியிருக்கிறது. அதற்கு முன்னாலுள்ள பல்லில் ஈறை ஒட்டி மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கோரைப்பல்லில் மெல்லிய கோடு மட்டும். இது காரையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இடமே அதற்குச் சாட்சி: கன்னத்து உமிழ்நீர் நாளங்களின் வாய் இந்தப் பெரிய பல்லுக்கு அருகில்தான் திறக்கிறது. பல்லின் மேல் படியும் பிளேக் என்ற மெல்லிய கிருமிப்படலம், உமிழ்நீரிலுள்ள தாது உப்புகள் சேர்ந்து சில நாட்களிலேயே கெட்டியாகிக் காரையாகிறது. அதனால் நாய்களில் காரை பெரும்பாலும் இங்கேதான் கனமாகத் தெரியும்.

ஆனால் பழுப்பு எல்லாமே காரை அல்ல. படத்தைப் பெரிதாக்கிப் பல்லின் விளிம்பைப் பாருங்கள். காரை என்றால் அதற்குத் தடிமன் இருக்கும். ஓரத்தில் ஒரு படி போலத் தெரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில் சிறு நிழல் விழும். நிறம் மட்டும் மாறி, பரப்பு வழவழப்பாக, பல்லின் வடிவம் அப்படியே இருந்தால் அது கறையாக இருக்கலாம். கம்பியையோ கூண்டையோ கடிக்கும் நாயின் பல்லில் சாம்பல் நிற உலோகக் கோடுகள் தெரியும். பல்லில் குழிகுழியாக எனாமல் இல்லாமல், அந்தக் குழிகள் பழுப்பேறியிருந்தால் அது பல் உருவாகும் காலத்திலேயே வந்த எனாமல் குறைபாடாக இருக்கலாம். குட்டிப் பருவத்தில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாய்களில் இது பல பற்களில் ஒரே மட்டத்தில் தெரியும். இவற்றைப் படத்திலிருந்து பிரிக்க முடியவில்லையென்றால் “பழுப்பு நிறப் படிவு அல்லது கறை, தடிமன் தெரியவில்லை” என்று எழுதிவிடலாம். ஊகித்து “காரை” என்று எழுதுவதைவிட அது மேல்.

அளவைச் சொல்ல “நிறைய”, “கொஞ்சம்” போதாது. பல்லின் வெளிப்பக்கத்தை மனதுக்குள் மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்குக்குள், இரண்டு பங்கு வரை, அதற்கும் மேல் என்று சொன்னால் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தோடும் ஒப்பிட முடியும். பல் வாரியாகச் சொல்லுங்கள், வாய்க்கு மொத்தமாக ஒரு மதிப்பெண் போடாதீர்கள். இரண்டு பக்கமும் எடுத்த படம் இருந்தால் வேறுபாட்டையும் குறித்துவையுங்கள். ஒரு பக்கம் மட்டும் காரை மிகக் கூடுதலாக இருந்தால், அந்தப் பக்கம் வலித்து நாய் மறுபக்கத்தால் மென்றுகொண்டிருக்கலாம். இது ஊகம்தான். ஆனாலும் மருத்துவர் கேட்க விரும்பும் ஊகம்.

காரையின் அளவுக்கும் ஈறுக்குள் இருக்கும் நோயின் அளவுக்கும் நேரடிக் கணக்கு கிடையாது. தடித்த காரையை எடுத்த பிறகு உள்ளே எலும்பு நன்றாக இருப்பதும் உண்டு. பளிச்சென்ற பல்லைச் சுற்றி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே, ஆழமான பை இருப்பதும் உண்டு. அந்தப் பையின் ஆழத்தை மயக்க மருந்து கொடுத்து, கோடிட்ட மெல்லிய கருவியை ஈறோரத்தில் செலுத்தித்தான் அளக்கிறார்கள். நாய்களில் 3 மில்லிமீட்டர் வரை இயல்பு என்று பொதுவாகக் கொள்வார்கள். அந்த மில்லிமீட்டர்களை எந்தப் படமும் காட்டாது. படத்தில் இருப்பது உதட்டுப் பக்கத்துப் பரப்பு மட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். நாக்குப் பக்கமும் அண்ணப் பக்கமும் படத்திலேயே இல்லை. கடைசிக் கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் கன்னத்துக்குள் மறைந்திருக்கும். “மற்ற பற்கள் சுத்தம்” என்று எழுத வேண்டாம், “மற்ற பற்கள் படத்தில் இல்லை” என்று எழுதுங்கள்.

சிலர் நல்ல படம் கிடைக்கட்டும் என்று நகத்தால் காரையைப் பெயர்த்துப் பார்ப்பார்கள். செய்யாதீர்கள். அடியில் உடைந்த பல் இருந்தால் நாய்க்கு வலிக்கும், வலித்தால் கடிக்கும். கடிக்காவிட்டாலும் ஈறுக்குள் இருக்கும் காரை அங்கேயேதான் இருக்கும்.

“ஈறு மஞ்சளாகவோ வெளிறியோ தெரிகிறது”

மூன்றில் அதிகம் ஏமாற்றுவது நிறம்தான். நம் முதல் படத்தில் ஈறு முழுக்க மஞ்சள் சாயல். ஆனால் தூக்கிப் பிடித்த கட்டைவிரலின் நகமும், நாயின் மார்பிலுள்ள வெள்ளை முடியும் அதே மஞ்சள்தான். அப்படியானால் மஞ்சள் பல்பில் இருக்கிறது, ஈறில் இருக்கிறது என்பதற்கு இந்தப் படம் சான்றாகாது. போன் தானாகவே நிறத்தைச் சரிசெய்வதால் சிக்கல் இன்னும் கூடும். படம் முழுக்கச் சிவந்த வாயாக இருந்தால் அது சிவப்பைக் குறைத்து ஈறை வெளிறச் செய்துவிடும். அழகூட்டும் ஃபில்டரும் இதே வேலையைச் செய்யும்.

சரிசெய்யும் வழி எளிது. பகலில் சன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷையும் ஃபில்டரையும் நிறுத்திவிட்டு எடுங்கள். பல்லுக்கு அருகில் வெள்ளைத் தாள் ஒன்றை, நாய் கவ்வாத தூரத்தில், அதே வெளிச்சத்தில் பிடியுங்கள். படத்தில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் ஈறின் நிறத்தை ஓரளவு நம்பலாம். தாளே மஞ்சளாகவோ நீலமாகவோ இருந்தால் நிறம் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். ஃபிளாஷ் போட்டால் எச்சில் ஈரத்தில் வெள்ளைப் பளபளப்பு விழும். நம் படத்தில்கூட ஈறின் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அது கட்டைவிரல் அழுத்தும் இடத்துக்குச் சரியாக மேலே. உதட்டை இறுக்கி இழுத்தாலோ ஈறை அழுத்தினாலோ அந்த இடத்தில் இரத்தம் விலகி வெளுக்கும். அதை நோயாக எழுதிவிட வாய்ப்பு அதிகம். மென்மையாக, விரல் ஈறில் படாமல் உதட்டை மட்டும் உயர்த்தி இன்னொரு படம் எடுத்தால் வெளுப்பு போய்விடும். போகாவிட்டால் அப்போது எழுதுங்கள்.

வெளிச்சம் சரியாக இருக்கும் படத்தில் ஆரோக்கியமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளிறியதோ வெள்ளையோ இரத்தசோகை, இரத்த இழப்பு, அதிர்ச்சிநிலை ஆகியவற்றில் வரும். நீலச்சாயல் ஆக்சிஜன் குறைவதைக் காட்டலாம். மஞ்சள் காமாலையில் வரும். இவற்றைப் படத்துக்கான விளக்கத்தில் காரணமாக எழுதத் தேவையில்லை. ஆனால் ஈறு வெள்ளையாகவோ நீலமாகவோ தெரிந்து, நாய் சோர்ந்தோ மூச்சுத்திணறியோ இருந்தால் வெள்ளைத்தாள், சன்னல் வெளிச்சம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாயை உடனே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். அது படம் எடுக்கும் நேரம் அல்ல.

மருத்துவர் ஈறைப் பார்க்கும்போது நிறத்தோடு இன்னொன்றையும் பார்க்கிறார்: விரலால் ஈறை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் எவ்வளவு நேரத்தில் மறுபடி சிவக்கிறது என்று. 2 நொடிக்குள் திரும்ப வேண்டும். அசையாப் படத்தில் இது தெரியவே தெரியாது. அமைதியான நாய் என்றால் இதைச் சிறு வீடியோவாக எடுத்து அனுப்பலாம். நாய் வாயைத் தொடவிடாவிட்டால் விட்டுவிடுங்கள். ஈறு உலர்ந்து ஒட்டுகிறதா, வழவழப்பாக ஈரமாக இருக்கிறதா என்பதும் தொட்டால்தான் தெரியும்.

ஈறு கருப்பாக இருந்தால்? பல நாய்களுக்கு இயல்பிலேயே ஈறும் உதடும் கருப்பு, அல்லது கருப்பும் இளஞ்சிவப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். சௌ சௌ இனத்தில் நாக்கே நீலக்கருப்பு. அத்தகைய வாயில் நிறமி இல்லாத இளஞ்சிவப்புத் திட்டைத் தேடி அதையே எழுதுங்கள். எதுவும் இல்லையென்றால் கீழ் இமையின் உட்பக்கத்தைப் படமெடுங்கள். மஞ்சளைச் சந்தேகித்தால் கண்ணின் வெண்பகுதி ஈறைவிட நல்ல சாட்சி. முன்பு இளஞ்சிவப்பாக இருந்த இடத்தில் புதிதாகக் கருப்புத் திட்டோ, மேடான கட்டியோ வந்திருந்தால் இயல்பு என்று எழுதிவிட வேண்டாம். அளவு, இடம், எப்போது முதல் என்று குறித்து அனுப்புங்கள். கட்டி எத்தகையது என்பது திசுப் பரிசோதனையில்தான் முடிவாகும்.

“ஈறின் ஓரம் மட்டும் சிவந்திருக்கிறது”

இது மேலே சொன்னதிலிருந்து வேறு விஷயம். வாய் முழுக்க உள்ள நிறம் உடலைப் பற்றிப் பேசுகிறது, பல்லை ஒட்டிய கோடு அந்தப் பல்லைப் பற்றிப் பேசுகிறது. 208-க்கு மேலே ஈறோரத்தில் ஒரு சிவந்த பட்டை, சற்றுத் தள்ளியுள்ள ஈறு அதைவிட வெளிர். வெளிச்சம் மஞ்சளாக இருந்தாலும் ஒரே படத்துக்குள் இருக்கும் இந்த வேறுபாட்டை நம்பலாம், ஏனென்றால் இரண்டின் மீதும் விழுவது ஒரே வெளிச்சம். எனவே “சிவப்பு” என்பதைவிட “அருகிலுள்ள ஈறைவிடச் சிவப்பு” என்று எழுதுவது பாதுகாப்பு. ஓரம் கத்தி விளிம்பு போல மெல்லியதா, உருண்டு வீங்கியதா என்றும் பாருங்கள். பல் மாறும் வயதுக் குட்டிகளில், அதாவது ஏறக்குறைய 4 முதல் 6 மாதம் வரை, புதுப் பல் வரும் இடத்தில் சிவப்பு இருப்பது வழக்கம். அதனால் வயது தெரிந்தால் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

பக்கத்துப் பற்களைவிட ஒரு பல்லில் மட்டும் ஈறு மேலே ஏறியிருந்தால், வெளியே தெரியும் பகுதியின் மேல்பாதி மங்கலான மஞ்சளாகவும் கீழ்ப்பாதி பளபளப்பாகவும் இருந்தால், அந்த மங்கல் வேர்ப்பரப்பாக இருக்கலாம். காரை மேலே மூடியிருந்தால் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

“பல் மழுங்கி, நடுவில் பழுப்புப் புள்ளி”

இரண்டாவது படத்துக்கு வருவோம். 304-இன் முனை தட்டையாக இருக்கிறது, நடுவில் பழுப்புப் புள்ளி. குறிப்பெழுதியவர் “ஓட்டை” என்றார். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பல் மெதுவாகத் தேயும்போது உள்ளே இருக்கும் பற்கூழ் பின்வாங்கிக்கொண்டே, டென்டின் என்ற கெட்டியான பல் திசுவைப் புதிதாக அடைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். பழைய சட்டையின் கிழிசலை உள்ளிருந்தே தைத்துக்கொண்டு போவது போல. அந்தப் புது டென்டின்தான் பழுப்புப் புள்ளியாகத் தெரியும். அது கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். தேய்மானம் அதைவிட வேகமாகப் போனாலோ பல் உடைந்தாலோ பற்கூழ் திறந்துவிடும். புதிதாகத் திறந்தது சிவப்பு அல்லது இளஞ்சிவப்புப் புள்ளி, பழையது கருப்புப் பொட்டு. மருத்துவர் கூர்முனைக் கருவியால் தொட்டுப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு போனால் அடைபட்டது, முனை உள்ளே இறங்கினால் திறந்தது. படத்தில் பழுப்பையும் கருப்பையும் நம்பிப் பிரிக்க முடியாது. நிழல், அழுக்கு, சிக்கிய உணவுத் துணுக்கு மூன்றும் கருப்பாகவே தெரியும். புள்ளி அடைபட்டதாகவே இருந்தாலும் உள்ளே பற்கூழ் இறந்திருக்க வாய்ப்புண்டு, அதை எக்ஸ்ரேதான் சொல்லும்.

எனவே இங்கே எழுத வேண்டியது: எந்தப் பல், முனை தட்டையா சாய்வா ஒழுங்கற்று உடைந்ததா, நடுவில் புள்ளி உண்டா, அதன் நிறம், மறுபக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டால் எவ்வளவு உயரம் குறைவு. கடைசியாகச் சொன்னது மிகவும் உதவும். பக்கவாட்டுப் படத்தில் தேய்ந்த பரப்பு தெரியாது, பல் குட்டையாக மட்டும் தெரியும். மேலிருந்து எடுத்தால்தான் பரப்பு தெரியும். அதற்காக வாயை வலுக்கட்டாயமாகத் திறக்காதீர்கள். நாய் தானாக வாய் திறந்து மூச்சுவாங்கும் நேரத்துக்குக் காத்திருந்தால் போதும், நம் படத்தை எடுத்தவர் அதைச் சரியாகவே செய்திருக்கிறார்.

தேய்ந்த இடம் காரணத்தைக் கொஞ்சம் கோடிகாட்டும். கோரையின் பின்பக்கம் மட்டும் வழித்தெடுத்தது போலிருந்தால் கூண்டுக்கம்பியைக் கடிக்கும் பழக்கம் இருக்கலாம். பல பற்கள் வழவழப்பாக ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் டென்னிஸ் பந்து போன்ற சொரசொரப்பான பொருளைத் தொடர்ந்து மெல்வதைக் கேளுங்கள். இரண்டு பற்கள் எதிரெதிரே உரசும் இடத்தில் மட்டும் இருந்தால் கடி ஒழுங்கில் சிக்கல் இருக்கலாம். ஆனால் தேய்மானத்தை வைத்து வயதைச் சொல்லாதீர்கள். கல்லை மெல்லும் இளம் நாயின் பல் மெத்தையில் படுத்தே வளர்ந்த கிழ நாயின் பல்லைவிட மழுங்கியிருக்கும். பல் மாறி முடிந்ததா என்று சொல்வது வேறு, அதற்குமேல் வருடக் கணக்கு சொல்வது வேறு.

தேயாமல் உடையாமல், ஒரே ஒரு பல் மட்டும் இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ சாம்பலாகவோ மாறியிருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அடிபட்டு உள்ளே இரத்தம் கசிந்த பல் இப்படி மாறும். அத்தகைய பற்களில் பெரும்பாலானவற்றில் பற்கூழ் பகுதியாகவோ முழுதாகவோ இறந்திருக்கும். வெளியே வேறு எதுவும் தெரியாது என்பதாலேயே ஒரு வரி எழுதிவைப்பது நல்லது.

அந்தக் குறிப்பைத் திருத்தி எழுதினால்

“படம் 1: இடப்பக்கம், மஞ்சள் பல்பு வெளிச்சம், நிறம் நம்பத்தக்கதல்ல. 208-இன் வெளிப்பக்கத்தில் தடிமனான பழுப்புப் படிவு, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 207-இல் ஈறை ஒட்டி மூன்றில் ஒரு பங்குக்குள். 204-இல் மெல்லிய கோடு. 208-க்கு மேல் ஈறோரம் அருகிலுள்ள ஈறைவிடச் சிவப்பு. ஈறின் நடுவிலுள்ள வெளுப்பு விரல் அழுத்தத்தாலாக இருக்கலாம். படம் 2: 304 முனை தட்டை, நடுவில் பழுப்புப் புள்ளி, திறந்ததா அடைபட்டதா தெரியவில்லை. 404-ஐவிடக் குட்டை. வலப்பக்க மேற்பற்களும் எல்லாப் பற்களின் உட்பக்கமும் படத்தில் இல்லை. நாய் வழக்கம்போல் சாப்பிடுகிறது, ஒரு பக்கமாக மெல்கிறதா என்று கவனிக்கவில்லை. பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளோடு மறுபடி எடுத்து அனுப்புகிறேன்.”

இதை வைத்து மருத்துவர் செய்யக்கூடியது எவ்வளவு அவசரம் என்று வரிசைப்படுத்துவதும், எந்தப் பற்களை முதலில் பார்ப்பது என்று தீர்மானிப்பதும்தான். ஈறுநோயின் நிலையை அவர் இதிலிருந்து சொல்ல மாட்டார், சொல்லக்கூடாது. பல்லைத் தாங்கும் அமைப்பில் எவ்வளவு போயிருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த நிலைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன: கால் பங்குக்குள், பாதி வரை, பாதிக்கும் மேல் என்று. அதற்கு அளவுக்கருவியும் எக்ஸ்ரேயும் வேண்டும். மயக்கத்தில் வைத்து நேரில் பார்த்தும் குறை தெரியாத பற்களை எக்ஸ்ரே எடுத்தபோது நாய்களில் 27.8 சதவீதத்தில் சிகிச்சைக்கு முக்கியமான கோளாறு தெரிந்ததாக 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. கையில் கருவியோடு நேரில் பார்த்தவர்களுக்கே அப்படி. மேலே எழுதிய விளக்கத்தில் 205, 206 பற்றி ஒன்றும் இல்லை, ஏனென்றால் படத்தில் அவற்றில் குறை ஒன்றும் தெரியவில்லை. அதற்காக அவை நலமாக இருக்கின்றன என்று அந்த விளக்கத்தைப் படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடாது. வேண்டுமானால் “205, 206: வெளிப்பக்கத்தில் குறை எதுவும் தெரியவில்லை” என்று இன்னொரு வரியையும் சேர்த்துவிடுங்கள்.